மொத்த வரி ஏன் வேறு கதை சொல்லுது?

அட்டவணையை ஒலியில் சொல்லிக் காட்டுறது கஷ்டம். எண்களைக் காதால் கேட்டுக்கொண்டே மனசுக்குள் கூட்டிப் பெருக்க ஆராலும் ஏலாது. அதனால் இந்தக் கிழமை எபிசோட்டில் மேலோட்டமாய்த் தொட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுத்தில், எண்களோடு தாறன்.

ரிப்போர்ட் செய்து குடுக்கிற வேலையில் இருக்கிற எல்லாருக்கும் வாற ஒரு முறைப்பாடு இது. அட்டவணையில் ஒரு விகித நிரல் இருக்கும்: இலாப வீதம், கழிவு வீதம், நேரத்துக்கு வந்த வீதம், ஏதோ ஒண்டு. மேலே உள்ள வரிகளைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். கீழே தடித்த எழுத்தில் இருக்கிற மொத்த வரி அதோடு ஒத்துவராது. வாடிக்கையாளர் உடனே டிக்கெட் போடுவார்: "மொத்தம் பிழை, திருத்தித் தரவும்."

பெரும்பாலான நேரம் மொத்தம் பிழையில்லை. ஆனால் "பிழையில்லை" எண்டு சொல்லி டிக்கெட்டை மூடிவிடவும் கூடாது. அந்த வரி என்ன கேள்விக்குப் பதில் சொல்லுது எண்டு இரண்டு பக்கத்துக்கும் தெரியாவிட்டால், சரியான எண்ணை வைத்துக்கொண்டே பிழையான முடிவு எடுக்கலாம். 2020 மார்ச்சில் உலகம் முழுக்க அப்படி ஒரு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அக்குவேறு ஆணிவேறாய்ப் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்களில் மூன்று பேர் இங்கே ட்யூபிங்கனில் இருந்தவை. அவையிட்ட வாறதுக்கு முதல், எல்லாருக்கும் பழக்கமான ஒரு இடத்தில் தொடங்குவம்.

## ஸ்டேஷனில் நிக்கிறவருக்குத் தெரிஞ்ச கணக்கு

டொய்ச்ச பான் தன் ரயில்கள் எவ்வளவு வீதம் நேரத்துக்கு வந்தது எண்டு மாசாமாசம் வெளியிடும். ஒரு ரயில் ஒரு தரிப்பிடத்துக்கு 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தோடு வந்தால் அது நேரத்துக்கு வந்ததாய்க் கணக்கு. 2024இல் ஐசிஇ, இன்டர்சிட்டி ஓடுற நெடுந்தூரப் பிரிவுக்கு வந்த எண் 62.5%. பிராந்திய ரயில்களுக்கும் எஸ்-பானுக்கும் சுமார் 90%.

இந்த இரண்டையும் ஒரு அட்டவணையில் போட்டு, கீழே மொத்தம் எண்டு ஒரு வரி சேர்த்தால் அங்கே என்ன எண் வரும்? கேட்ட உடனே கன பேர் நடுவில் ஒரு எண்ணைச் சொல்லுவினம்: 76 அளவில்.

ஆனால் எத்தனை பயணங்கள் எண்டு பாருங்கோ. மாசத்துக்குச் சுமார் 8 லட்சம் ரயில் பயணங்கள் கணக்கில் வருது. அதில் நெடுந்தூரம் சுமார் 20,000 மட்டும். மிச்சம் 7,80,000ம் பிராந்திய ரயிலும் எஸ்-பானும். 20,000இல் 62.5% எண்டால் 12,500. 7,80,000இல் 90% எண்டால் 7,02,000. இரண்டையும் கூட்டி 8 லட்சத்தால் வகுத்தால் 89.3% வருது. இது வட்ட எண்களை வைத்து நான் போட்ட பரும்படிக் கணக்கு. டொய்ச்ச பான் பயணத்தை அல்ல, ஒவ்வொரு தரிப்பிடத்தையும் எண்ணுறபடியால் அவையின்ர எண் கொஞ்சம் மாறும். ஆனால் மொத்த வரி பிராந்திய ரயில் வரிக்குப் பக்கத்தில்தான் நிக்கும், நெடுந்தூர வரியின் நிழல்கூட அதில் தெரியாது எண்டது மாறாது.

ஐசிஇக்காக ஃபிராங்க்ஃபுர்ட்டில் நிண்டு கால் நொந்தவருக்கு இந்த 89.3 ஒரு பொய் மாதிரித் தெரியும். அது பொய்யில்லை. "ஜேர்மனியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரயிலைத் தேர்ந்தால் அது நேரத்துக்கு வருமோ?" எண்ட கேள்விக்கு அதுதான் பதில். அவர் கேட்கிற கேள்வி அது இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேணும். முழுசாய் ரத்தான ரயில் இந்தக் கணக்கிலேயே இல்லை. வராத ரயில் பிந்தவும் இல்லை, நேரத்துக்கு வரவும் இல்லை. அது மேலே உள்ள எண்ணிலும் இல்லை, கீழே வகுக்கிற எண்ணிலும் இல்லை. ஒரு விகிதத்தைப் பார்க்கிறபோது முதலில் கேட்க வேண்டியது "எதால் வகுத்தது?" எண்டுதான்.

## மொத்த வரிக்குள் என்ன நடக்குது

ஒரு விகிதத்துக்கு மொத்தம் போட மூன்று வழி இருக்கு. வீதங்களைக் கூட்டலாம். அது அபத்தம், 152.5% எண்டு வந்து நிக்கும். வீதங்களுக்குச் சராசரி எடுக்கலாம். அதுதான் அந்த 76. மூன்றாவது, மேலெண்களை எல்லாம் கூட்டி, கீழெண்களை எல்லாம் கூட்டி, பிறகு வகுக்கலாம். நல்ல ரிப்போர்ட் கருவிகள் சும்மா விட்டால் மூன்றாவதைத்தான் செய்யும்.

பவர் பிஐயில் இப்படி எழுதுவம்:

```
Rate = DIVIDE(SUM(Data[Deaths]), SUM(Data[Cases]))
```

இதை அட்டவணையில் போட்டால், ஒவ்வொரு வரிக்கும் அந்த வரியின் வடிகட்டலோடு கணக்கு ஓடும். மொத்த வரிக்கு வரும்போது மேலே வந்த விடைகளை அது திரும்பியும் பார்க்காது. வடிகட்டலை எடுத்துவிட்டு முழுத் தரவிலும் முதலில் இருந்து கணக்கை ஓட்டும். எஸ்கியூஎல்லில் `GROUP BY ROLLUP` போட்டாலும் இதே மாதிரித்தான். ஆக, மொத்த வரி எண்டது மேலே உள்ள வரிகளின் சுருக்கம் இல்லை. அது தனியாய்க் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி.

கணித ரீதியாய்ச் சொன்னால் அது எடையிட்ட சராசரி. ஒவ்வொரு வரியின் எடையும் அந்த வரியின் கீழெண். கீழெண் நிரலை ரிப்போர்ட்டில் மறைத்துவிட்டு வீதத்தை மட்டும் காட்டுறபோது, வாசிக்கிறவருக்கு எடை தெரியாது. குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்குது.

## ட்யூபிங்கனில் பிரித்த அட்டவணை

இனி உண்மையான சிக்கலுக்கு வருவம். 2020 பெப்ரவரியில் சீன நோய்க் கட்டுப்பாட்டு மையம் 44,672 உறுதியான கொரோனாத் தொற்றுகளை வயதுவாரியாய் வெளியிட்டது. அதில் இறந்தவர்கள் 1,023 பேர். மார்ச் 9 வரையிலான இத்தாலியின் வயதுவாரித் தரவில் 8,026 தொற்று, 357 இறப்பு. சீனாவில் 2.3%, இத்தாலியில் 4.4%. இத்தாலியில் ஏன் இரண்டு மடங்கு, அங்கே ஆஸ்பத்திரிகள் சமாளிக்கவில்லையோ, வைரஸ் மாறிவிட்டதோ எண்டு உலகம் முழுக்கக் கேள்வி.

ட்யூபிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அறிவார்ந்த அமைப்புகள் நிறுவனத்தைச் சேர்ந்த யூலியுஸ் ஃபொன் க்யூகெல்கென், லுயிஜி கிரெசெலே, பெர்ன்ஹார்ட் ஷொல்கோஃப் மூன்று பேரும் இந்த இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கட்டுரை 2020 மே மாசம் முன்பதிப்பாய் வந்தது, 2021இல் ஆய்விதழில் வெளியானது. அந்தத் தரவை இங்கே தாறன். 40 வயதுக்குக் கீழே உள்ள நாலு வரிகளை இடம் மிச்சம் பிடிக்க ஒரு வரியாய்ச் சேர்த்திருக்கிறன்.

| வயது | சீனா: இறப்பு / தொற்று | வீதம் | இத்தாலி: இறப்பு / தொற்று | வீதம் |
|---|---|---|---|---|
| 0–39 | 26 / 12,184 | 0.2% | 0 / 894 | 0.0% |
| 40–49 | 38 / 8,571 | 0.4% | 1 / 891 | 0.1% |
| 50–59 | 130 / 10,008 | 1.3% | 3 / 1,453 | 0.2% |
| 60–69 | 309 / 8,583 | 3.6% | 37 / 1,471 | 2.5% |
| 70–79 | 312 / 3,918 | 8.0% | 114 / 1,785 | 6.4% |
| 80+ | 208 / 1,408 | 14.8% | 202 / 1,532 | 13.2% |
| மொத்தம் | 1,023 / 44,672 | 2.3% | 357 / 8,026 | 4.4% |

வீத நிரல்களை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கோ. ஒவ்வொரு வயதிலும் இத்தாலியின் வீதம் சீனாவைவிடக் குறைவு. ஒரு வரிகூட விலக்கில்லை. ஆனால் மொத்த வரியில் இத்தாலி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூட்டல் பிழை எங்கேயும் இல்லை, நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

இதுக்குச் சிம்ப்சன் முரண் எண்டு பெயர். எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் இதைப் பற்றி எழுதினார். அவருக்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1903இல், உட்னி யூல் இதைத் தொட்டிருந்தார். முரண் எண்டு பெயர் வந்தாலும் இதில் மாயம் ஒண்டும் இல்லை. பதில் தொற்று நிரலில் இருக்கு. சீனாவின் தொற்றுகளில் 60 வயதும் அதுக்கு மேலும் ஆனவர்கள் 31%. இத்தாலியில் 60%. 70ஐத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் 12%க்கு எதிர் 41%. இத்தாலியின் மொத்த வரி தன் எடையை எல்லாம் அட்டவணையின் அடிப்பகுதியில், ஆபத்துக் கூடின வரிகளில் போட்டிருக்கு. சீனாவின் மொத்த வரி மேல்பகுதியில் போட்டிருக்கு.

இன்னொண்டையும் கவனியுங்கோ. இத்தாலியின் 4.4 அதன் சொந்த நிரலில் 0க்கும் 13.2க்கும் நடுவில்தான் இருக்கு. சீனாவின் 2.3ம் அப்படியே. தனித்தனியாய்ப் பார்த்தால் இரண்டு மொத்தமும் ஒழுங்கு. இரண்டையும் ஒப்பிட்ட நேரம்தான் குழப்பம் வந்தது.

## எடையை மாற்றிப் போட்டுப் பார்ப்பம்

"வயதுக் கலவைதான் காரணம்" எண்டு வாயால் சொன்னால் போதாது. எவ்வளவு காரணம் எண்டு எண்ணில் காட்டலாம், அதுக்குப் பெரிய புள்ளியியல் படிப்பும் தேவையில்லை. ஒரு நாட்டின் வீதத்தை மற்ற நாட்டின் எடையில் போட்டுப் பார்க்க வேணும். இதைத் தரப்படுத்தல் எண்டு சொல்லுவம். ஜேர்மன் சுகாதாரப் புள்ளிவிவரங்களில் "வயதுத் தரப்படுத்தப்பட்ட" எண்டு ஒரு சொல் அடிக்கடி வரும், அதுவும் இந்த வேலைதான்.

இத்தாலியின் 8,026 தொற்றாளர்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயதுக்கும் சீனாவின் வீதத்தைக் குடுப்பம். 80க்கு மேல் 1,532 பேர், வீதம் 14.8%, அப்ப 226 இறப்பு. 70–79இல் 1,785 பேர், 8.0%, 142 இறப்பு. 60–69இல் 53. 50–59இல் 19. 40–49இல் 4. மிச்சத்தில் 2. கூட்டினால் 446. அதாவது இத்தாலியில் தொற்றின அதே ஆக்களுக்குச் சீனாவின் வீதம் நடந்திருந்தால் 357 இல்லை, 446 பேர் இறந்திருப்பார்கள்.

எஸ்கியூஎல்லில் இது ஒரு சின்ன வேலை:

```sql
SELECT 100.0 * SUM(it.cases * 1.0 * cn.deaths / cn.cases)
       / SUM(it.cases) AS rate
FROM it JOIN cn ON it.age_group = cn.age_group;
```

விடை 5.56. இப்ப மூன்று எண் கையில் இருக்கு. சீனாவின் வீதம், சீனாவின் கலவை: 2.29. சீனாவின் வீதம், இத்தாலியின் கலவை: 5.56. இத்தாலியின் வீதம், இத்தாலியின் கலவை: 4.45. முதல் படியில் கலவை மாறினபடியால் 3.27 புள்ளி ஏறினது. இரண்டாம் படியில் வீதம் மாறினபடியால் 1.11 புள்ளி இறங்கினது. எல்லாரும் பார்த்துப் பயந்த அந்த 2.16 புள்ளி இடைவெளி எண்டது ஒரு பெரிய ஏற்றமும் அதுக்குள் மறைந்த ஒரு இறக்கமும் சேர்ந்தது.

மறுபக்கமாயும் செய்யலாம். இத்தாலியின் வீதத்தைச் சீனாவின் கலவையில் போட்டால் 1.53 வரும். அப்ப ஏற்றம் 2.92, இறக்கம் 0.76. எண்கள் மாறுது, திசை மாறவில்லை. ஆனபடியால் இப்படிப் பிரித்துக் காட்டுற ரிப்போர்ட்டில் எந்தக் கலவையை அடிப்படையாய் எடுத்தது எண்டு ஒரு வரி எழுதாமல் விடக்கூடாது.

இதிலயும் ஒரு எல்லை இருக்கு. கீழெண் எண்டது தொற்றினவர்கள் இல்லை, பரிசோதனையில் உறுதியானவர்கள். கடுமையாய் வருந்துறவையை மட்டும் பரிசோதிச்சால் கீழெண் சுருங்கும், வயதானவை கூடுதலாய்த் தெரிவினம். இறப்பும் தொற்றுக்குப் பல நாள் பிந்தித்தான் வரும். மார்ச் 17 வரையிலான இத்தாலியத் தரவில் மொத்தம் 7.2% ஆயிட்டுது. 70–79 வரி 12.8%, 80க்கு மேல் 20.2%. அதாவது எட்டு நாளில் அந்த வயதான வரிகளிலும் இத்தாலி சீனாவைத் தாண்டிவிட்டது. ட்யூபிங்கன் கட்டுரையும் ஒரு திகதியோடு நிக்காமல், நாள் போகப்போக இந்த ஏற்ற இறக்கம் எப்படி மாறுது எண்டு தொடர்ந்து பார்த்தது. எந்தத் திகதி வரையிலான தரவு எண்டு தலைப்பில் எழுதாத அட்டவணையை நம்பாமல் இருக்கிறதுக்கு இது நல்ல காரணம்.

## சராசரி எடுத்துத் தாங்கோ எண்டு கேட்டால்

டிக்கெட் போட்ட வாடிக்கையாளர் அடுத்ததாய்க் கேட்கிறது பெரும்பாலும் இதுதான்: "மேலே உள்ள வரிகளின் சராசரியை மொத்தமாய்ப் போடுங்கோ, அப்ப ஒத்துவரும்." செய்யலாம், ஒரு வரி வேலை:

```
Rate Avg = AVERAGEX(VALUES(Data[AgeGroup]), [Rate])
```

செய்ய முதல் இதைக் காட்டுங்கோ. மேலே உள்ள இத்தாலி நிரலில் ஆறு வரி. சராசரி எடுத்தால் 3.7%. ஆனால் மூலத் தரவில் 40க்குக் கீழே நாலு வரி இருந்தது எண்டு சொன்னன். அந்த நாலிலயும் இறப்பு சுழியம். அதே ஆக்கள், அதே இறப்பு, வரியை மட்டும் ஒன்பதாய்ப் பிரித்தால் சராசரி 2.5%. ஒருத்தரும் குணமாகவில்லை, ஒருத்தரும் இறக்கவில்லை. அட்டவணையை வடிவமைச்சவர் கோடு எங்கே கீறினார் எண்டதை வைத்து எண் மாறுது.

மேலெண்ணைக் கூட்டி, கீழெண்ணைக் கூட்டி வகுத்த 4.4 மட்டும் ஆறு வரியிலும் ஒன்பது வரியிலும் அசையாது. வீதங்களின் சராசரிக்கும் ஒரு இடம் உண்டு. ஒவ்வொரு வரியும் சமமாய்ப் பேசவேணும் எண்டு நீங்களே விரும்புற இடத்தில் அது சரி. எட்டுக் கிளையின் முகாமையாளர்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறது மாதிரி. ஆனால் அந்த நேரம் வரிக்கு "மொத்தம்" எண்டு பெயர் வைக்காமல் "கிளைகளின் சராசரி" எண்டு வைக்க வேணும்.

## உண்மையான பிழையைக் கண்டுபிடிக்கிறது

எல்லா முறைப்பாட்டுக்கும் "கலவை" எண்டு சொல்லித் தப்பவும் ஏலாது. சில நேரம் மொத்தம் உண்மையிலேயே பிழை. பிரித்துப் பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கு. கீழெண்கள் எல்லாம் சுழியத்துக்கு மேலே இருந்து, ஒவ்வொரு பதிவும் ஒரே ஒரு வரியில் மட்டும் இருந்தால், மொத்த வீதம் மேலே உள்ள மிகச் சின்ன வீதத்துக்கும் மிகப் பெரிய வீதத்துக்கும் நடுவில்தான் விழ வேணும். எடையிட்ட சராசரிக்கு வேறு வழியில்லை. அந்த எல்லைக்கு வெளியே போனால், ஏதோ ஒரு நிபந்தனை உடைஞ்சிருக்கு எண்டு அர்த்தம்.

பெரும்பாலும் உடையிறது மூன்று இடத்தில். முதலாவது, மறைந்த வரி. கண்ணுக்குத் தெரியிற வரிகளுக்கு ஒரு வடிகட்டி இருக்கு, மொத்தத்துக்கு அது போய்ச் சேரவில்லை. முதல் பத்து வாடிக்கையாளர்களைக் காட்டுற அட்டவணையில் மொத்தம் எல்லாருக்கும் ஆனது எண்டால் இது நடக்கும். வயது பதியாதவர்கள் மாதிரி வெற்று மதிப்புள்ள வரியை மறைத்தாலும் இதுதான்.

இரண்டாவது, ஒரே ஆள் இரண்டு வரியில். கீழெண்ணில் `DISTINCTCOUNT` இருந்தால், ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வாங்கின ஒருத்தர் இரண்டு வரியிலும் ஒவ்வொரு தரம் எண்ணப்படுவார். மொத்தத்தில் ஒரு தரம்தான். மேலெண்ணான விற்பனைத் தொகை முழுசாய்க் கூடும், கீழெண்ணான வாடிக்கையாளர் எண்ணிக்கை அப்படிக் கூடாது. ஆளுக்கு எவ்வளவு எண்ட எண் மொத்த வரியில் மேலே உள்ள எல்லா மாசத்தையும் தாண்டி நிக்கும். இது பிழையும் இல்லை, வருஷத்துக்கு ஆளுக்கு எவ்வளவு எண்டது மாசத்துக்கு ஆளுக்கு எவ்வளவு எண்டதைவிடப் பெரிசாய்த்தானே இருக்கும். அதை விளக்குற ஒரு குறிப்பு அட்டவணைக்குக் கீழே வேணும்.

மூன்றாவது, கழித்தல் கீழெண். திருப்பி அனுப்பின பொருள்களின் விற்பனைத் தொகை மைனஸில் பதிவாகும். ஒரு வகையில் விற்றதைவிடத் திரும்பி வந்தது கூட எண்டால் அந்த வரியின் எடையே மைனஸ். அதோடு அந்த எல்லைக் கணக்கு செல்லாது.

நான் செய்யிற ஒழுங்கு இதுதான்: மறைத்து வைத்திருக்கிற மேலெண், கீழெண் நிரல்களை முதலில் வெளியே எடுக்கிறது. அந்த இரண்டையும் கையால் கூட்டி, மொத்த வரியில் உள்ள கூட்டலோடு ஒத்துப் பார்க்கிறது. கூட்டல் ஒத்துவராவிட்டால் மேலே சொன்ன முதல் இரண்டில் ஒண்டு. மூன்றாவது எண்டால் கூட்டல் ஒத்துவரும், ஆனால் வரிகளுக்குள் ஒரு மைனஸ் கண்ணில் படும். கூட்டலும் ஒத்து, மைனஸும் இல்லாமல், வீதம் மட்டும் "விசித்திரமாய்" இருந்தால் அது கலவை. இந்த மூன்று படிக்கு ஐந்து நிமிடம் போதும்.

## அப்ப எந்த எண்ணைக் காட்டுறது?

இது கணக்கால் தீர்க்கிற கேள்வி இல்லை. இத்தாலியில் ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு அந்த 4.4தான் வேணும். அவரிட்ட வாறது இத்தாலியின் ஆக்கள், அவையின்ர வயதோடேயே வருவினம். "சீனாவின் வயதுக் கலவையில் எங்களுக்கு 1.53தான்" எண்டு அவருக்குச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. அதே நேரம், எந்த நாட்டின் வைத்தியம் நல்லா நடக்குது எண்டு கேட்கிறவருக்கு 4.4ஐயும் 2.3ஐயும் நேரே குடுக்கிறது அவரை ஏமாத்துறது.

இதில் எதிர்ப்பக்கப் பொறியும் இருக்கு. தரப்படுத்தின எண்தான் "உண்மை", மற்றது மேலோட்டம் எண்டு நினைக்கிறது. ஜேர்மனியின் ஆண்-பெண் ஊதிய இடைவெளியை எடுங்கோ. மத்திய புள்ளிவிவர அலுவலகம் இரண்டு எண் வெளியிடும். 2024க்கு, ஒரு மணித்தியாலச் சம்பளத்தில் சும்மா எடுத்த இடைவெளி 16%. துறை, பதவி, பகுதிநேர வேலை போன்றவற்றைச் சமப்படுத்தினால் 6%. ஒவ்வொரு வருஷமும் இதைப் பற்றிச் சண்டை வரும், "உண்மையான எண் 6தான்" எண்டு ஒரு பக்கம் சொல்லும்.

ஆனால் கொரோனா அட்டவணையில் வயது எண்டது ஒரு ஆளுக்கு முதலே இருக்கிற விஷயம். வைத்தியம் ஒருத்தரின் வயதை மாத்தாது. ஊதிய அட்டவணையில் பதவியும் பகுதிநேரமும் அப்படி இல்லை. பிள்ளை பராமரிப்பு இடம் கிடைக்காமல் அரைநேரத்துக்கு மாறினது, பதவி உயர்வு கிடைக்காமல் போனது எல்லாம் அந்தக் கலவைக்குள்தான் இருக்கு. அதைச் சமப்படுத்தி எடுத்தால், கேட்க நினைச்ச கேள்வியின் பாதியையும் சேர்த்து எடுத்துவிடுறம். 6%, ஒரே மாதிரி வேலை செய்யிறவர்களுக்குள் இருக்கிற வித்தியாசத்தைச் சொல்லுது. 16% அந்த வேலைகளுக்கு ஆர் போய்ச் சேர்ந்தார்கள் எண்டதையும் சேர்த்துச் சொல்லுது. இரண்டும் சரியான எண். வேறு வேறு கேள்வி.

எனவே டிக்கெட்டுக்கு நான் எழுதுற பதில் இப்படி இருக்கும்: மொத்த வரியை அப்படியே விடுகிறன். பக்கத்தில் கீழெண் நிரலைத் திறந்து விடுகிறன். போன வருஷத்தோடையோ வேறு கிளையோடையோ ஒப்பிடுறதுக்கு இந்த ரிப்போர்ட் பயன்படப்போகுது எண்டால், "அதே கலவையில்" எண்டு பெயரிட்ட இன்னொரு வரியை மொத்தத்துக்குக் கீழே சேர்க்கிறன், எந்தக் கலவை எண்டதையும் எழுதி. இரண்டு வரிக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் அந்த ரிப்போர்ட்டிலேயே ஆகலும் கூடச் செய்தி சொல்லுற எண்.